ஏழு நாள் எடை, ஒரே எண்

வாராந்திர எடை நினைவூட்டல் என்பது, ஒவ்வொரு நாளும் பதிவான எடைகளைச் சேர்த்து, வாரத்துக்கு ஒருமுறை அவற்றின் சராசரியை மட்டும் கைபேசியில் தெரிவிக்கும் ஏற்பாடு. எடை பார்ப்பது தினமும் நடக்கும். கணக்குச் சொல்வது வாரம் ஒருமுறைதான்.

தினசரி எடை ஒரு கிலோ அளவுக்கு ஏறி இறங்குவது இயல்பு. அதில் பெரும்பங்கு தண்ணீருடையது. உப்பு மிகுந்த உணவு உடலில் நீரைத் தங்கவைக்கும். சோறு போன்ற மாவுச்சத்து உணவு தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. வாரத்துக்கு அரை கிலோ குறைப்பவர் ஒரு நாளில் இழப்பதோ சுமார் 70 கிராம்தான். ஒரு கிலோ ஏற்ற இறக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒருவரின் எடை 78.4, 78.9, 78.1, 78.6, 79.2, 78.5, 78.3 கிலோ. சராசரி 78.6. அடுத்த வாரம் 78.2, 77.8, 78.0, 77.6, 78.3, 77.9, 79.0. சனிக்கிழமை இரவு கல்யாண விருந்து. அதனால் மறுநாள் காலை 1.1 கிலோ கூடுதல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடை பார்த்திருந்தால், இரு வாரங்களுக்கிடையே 700 கிராம் ஏறியதாகத் தோன்றும். இரண்டாம் வாரச் சராசரியோ 78.1; அரை கிலோ இறங்கியிருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகையாக வேண்டும். ஒரு விருந்தில் அது நடக்காது.

திங்கட்கிழமை வந்ததும் பழைய திங்கள் கழிந்து புதியது சேரும். இப்படி ஏழு நாள் சாளரம் நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் இதற்கு நகரும் சராசரி என்று பெயர். காலையில் எழுந்து, கழிப்பறை சென்றபின், சாப்பிடுவதற்கு முன், ஒரே இயந்திரத்தில் எடை பார்த்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். ஓரிரு நாள் விட்டுப்போனால் மீதி நாட்களின் சராசரி போதும். இரண்டே நாள் பதிவு இருந்தால் அது பழையபடி தற்செயல் எண்தான்.

இந்த முறைக்கு வரம்புகளும் உண்டு. சராசரி எப்போதும் சில நாள் பின்தங்கியே வரும். மாதவிடாயையொட்டித் தேங்கும் நீரை ஏழு நாள் சராசரி முழுதாகச் சமன்செய்யாது. சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மட்டும் சராசரி உதவாது. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ எடை ஏறினால் அது உடலில் நீர் தேங்குவதன் அறிகுறி. அவர்கள் அன்றாட எண்ணையே பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.