பங்குக்குப் பதில் நெடுங்கால ஆப்ஷன்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், தேவராஜ் அர்ஸ் சாலையை ஒட்டிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பதினாறே கால் லட்சம் ரூபாய் சேமிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஃப்டி மேலே போகும் என்று நம்புகிறார். மொத்தப் பணத்துக்கும் நிஃப்டி ஈடிஎஃப் வாங்கிப் போட்டுவிடலாம். ஆனால் யூடியூபில் வேறொரு வழி காட்டுகிறார்கள்: பங்கை வாங்க வேண்டாம், சந்தை விலைக்கு வெகு கீழே ஸ்ட்ரைக் உள்ள நெடுங்கால கால் ஆப்ஷனை வாங்குங்கள். கால்வாசிப் பணம் போதும், பங்கைப் போலவே ஏறும், காலத் தேய்மானமும் மெதுவாகத்தான் இருக்கும்.

சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தையைப் பற்றியவை. சிகாகோ ஆப்ஷன் சந்தை 1990-இல் ‘லீப்ஸ்’ என்ற பெயரில் நெடுங்கால ஆப்ஷன்களைக் கொண்டுவந்தது. அங்கே தனித்தனி நிறுவனப் பங்குகளுக்கே ஓராண்டு, இரண்டாண்டு தாண்டிய ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. இந்தியாவில் தனிப் பங்குகளுக்கு மூன்று மாத ஒப்பந்தங்களோடு சரி. அதிலும் லாபத்தில் உள்ள பங்கு ஆப்ஷனைக் கெடு தேதி வரை வைத்திருந்தால், ஸ்ட்ரைக் விலையில் முழுப் பணம் கட்டிப் பங்கை எடுத்தாக வேண்டும். ‘அப்படியானால் அமெரிக்காவிலேயே வாங்கிக்கொள்ளலாமே’ என்று யாராவது சொன்னால், ரிசர்வ் வங்கியின் விதியை நினைவூட்டுங்கள்: எல்ஆர்எஸ் திட்டத்தில் அனுப்பும் பணத்தை வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜினாகக் கட்ட அனுமதியில்லை.

நம் ஊரில் இதற்கு இருக்கும் உண்மையான வாய்ப்பு நிஃப்டி குறியீடுதான். தேசியப் பங்குச் சந்தை 2008 மார்ச் மாதத்தில் நிஃப்டிக்கு நெடுங்கால ஆப்ஷன்களைத் தொடங்கியது. இன்று ஜூன், டிசம்பர் கெடுக்களில் சில ஆண்டுகள் தள்ளியும் ஒப்பந்தங்கள் பட்டியலில் உள்ளன. இவை பணமாகவே தீர்க்கப்படுபவை. கெடு நாளில்தான் உரிமை செல்லுபடியாகும், நடுவில் வேண்டாமென்றால் சந்தையில் விற்கலாம்.

கடைக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை. நிஃப்டி 25,000. பதினெட்டு மாதம் தள்ளிய கெடு. ஸ்ட்ரைக் 20,000. ஆண்டு வட்டி ஆறரை சதவீதம், நிஃப்டியின் டிவிடெண்ட் ஒன்றேகால் சதவீதம் அளவில் என்றால், இந்தக் கால் ஆப்ஷனின் நியாய விலை ஏறத்தாழ 6,500 புள்ளி. ஒரு லாட்டுக்கு 65 என்றால் 4,22,500 ரூபாய். அதே அளவு நிஃப்டியை நேரடியாக வாங்க 16,25,000 ரூபாய் வேண்டும். டெல்டா 0.94 அளவில் இருக்கும். அதாவது நிஃப்டி நூறு புள்ளி ஏறினால் இது தொண்ணூற்று நான்கு புள்ளி ஏறும். பங்குக்குப் பதில் என்று சொல்வது இதனால்தான்.

இந்த 6,500-இல் 5,000 ஏற்கெனவே உள்ள மதிப்பு. மீதி 1,500 காலத்தின் விலை. பதினெட்டு மாதத்தில் அது முழுவதும் கரையும், மாதத்துக்குச் சுமார் 83 புள்ளி. சந்தை விலைக்கு அருகிலுள்ள குறுகிய கால ஆப்ஷன் கடைசி வாரங்களில் கரைகிற வேகத்தோடு ஒப்பிட்டால் இது மெதுவானதே.

ஆனால் அந்த 1,500 எதற்காக என்பதைக் காணொளிகள் சொல்வதில்லை. நீங்கள் 20,000 ரூபாயைப் பதினெட்டு மாதம் கழித்துத்தானே கொடுக்கப்போகிறீர்கள்? அதற்கான வட்டி மட்டும் சுமார் 1,860. ஆப்ஷன்காரருக்கு டிவிடெண்ட் கிடையாது என்பதால் அதில் ஏறத்தாழ 450 கழிகிறது. நிஃப்டி 20,000-க்குக் கீழே போனாலும் அதற்குமேல் நஷ்டமில்லை என்ற பாதுகாப்புக்கு 80-சொச்சம் கூடுகிறது. ஆக ‘மெதுவான தேய்மானம்’ என்பதில் பெரும்பங்கு கடன் வட்டி. பிரீமியத்துக்குள் ஒளிந்திருப்பதால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கையில் மிஞ்சிய பன்னிரண்டு லட்சம் என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை வைப்பு நிதியில் போட்டால் பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சத்துக்குமேல் வட்டி வரும். பிரீமியத்தில் கொடுத்த வட்டி கிட்டத்தட்ட திரும்பிவிடும். நிஃப்டி கெடு நாளில் 20,000-க்கு இறங்கினால் ஈடிஎஃப் வாங்கியவருக்கு 3,25,000 நஷ்டம். ஒரு லாட் வாங்கியவருக்குப் பிரீமியம் முழுவதும், 4,22,500, போகும். வைப்பு வட்டியைச் சேர்த்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. ‘கால்வாசிப் பணம்தானே, நான்கு லாட் வாங்கலாம்’ என்று கையிலிருப்பதற்கும் சற்று மேலே போய் 16,90,000 ரூபாயை இறக்குகிறார்கள். அதே வீழ்ச்சியில் அத்தனையும் காலி. சந்தை அசையாமல் 25,000-லேயே நின்றாலும் காலத்தின் விலை கரைந்து 3,90,000 ரூபாய் போயிருக்கும். ஈடிஎஃப் வைத்திருப்பவர் மீட்சிக்காகக் காத்திருக்கலாம். ஆப்ஷனுக்குக் கெடு முடிந்தால் கதை முடிந்தது. கிரய ஒப்பந்தத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் போல, தவணை தவறினால் திரும்பாத பணம் அது.

இன்னொரு ஆபத்து, வாங்குவோரும் விற்போரும் அரிதாக இருப்பது. நெடுங்கால ஒப்பந்தங்களில், அதுவும் வெகு கீழேயுள்ள ஸ்ட்ரைக்கில், வாங்குவோர் 6,300, விற்போர் 6,700 என்று இடைவெளி விழுவது சாதாரணம். வாங்கும்போது 200, விற்கும்போது 200 என்று போய், ஒரு லாட்டுக்கு 26,000 ரூபாய் சத்தமில்லாமல் கழியும். மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். நியாய விலையைக் கணக்கிட்டு லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். ஓப்பன் இன்ட்ரெஸ்ட் மிகக் குறைவாக இருந்தால், கெடு வரை வெளியேற முடியாது என்று வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். சில புரோக்கர்கள் இத்தகைய ஸ்ட்ரைக்குகளை வாங்கவே விடுவதில்லை.

வரியும் வேறு. ஈடிஎஃபை ஓராண்டுக்குமேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் ஆதாயம் வரை வரியில்லை, மீதிக்கு 12.5 சதவீதம். ஆப்ஷன் லாபமோ வணிக வருமானம்; உங்கள் வரி அடுக்கின்படி முப்பது சதவீதம் வரை போகலாம். நஷ்டத்தை எட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம், ஆனால் கணக்கைக் குறித்த தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சொன்னது. புரோக்கர் செயலியைத் திறக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி வருவதும் செபியின் உத்தரவால்தான்.

விலை இறங்கி வந்த நஷ்டத்துக்கு எந்த நிவாரணமும் கிடையாது. ஆனால் உங்கள் அனுமதியில்லாமல் வாங்கினாலோ, காண்ட்ராக்ட் நோட் வரவில்லை என்றாலோ, உறுதியான லாபம் என்று சொல்லி ஏமாற்றினாலோ வழி உண்டு. முதலில் புரோக்கருக்கு எழுத்தில் புகார். பிறகு scores.sebi.gov.in, அங்கே 21 நாளில் பதில் வர வேண்டும். அதிலும் தீராவிட்டால் smartodr.in தளத்தில் சமரசம், நடுவர் தீர்ப்பு வரை போகலாம். பிரச்சினை நடந்து ஓராண்டுக்குள் ஸ்கோர்ஸில் புகார் தர வேண்டும். ஆலோசனை தருபவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள்; கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் புகாரும் பலவீனமாகும். செபியின் இலவச எண் 1800 266 7575. பணம் போலிக் கணக்குக்குப் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.