மூடிய கடையின் கணக்கு

"சொந்தமா பிசினஸ் பண்ணிட்டு இருந்திருக்கீங்க. ஏன் மூடினீங்க?"

நேர்காணலில் இந்தக் கேள்வி வந்ததும் பலர் இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறார்கள். மார்க்கெட் சரியில்லை, பார்ட்னர் கைவிட்டுவிட்டார் என்று பழியை வெளியே தள்ளுவது ஒன்று. "எனக்கு பிசினஸ் வராது சார்" என்று மொத்தமாகச் சரணடைவது இன்னொன்று. எதிரே இருப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. தவறு எங்கே நடந்தது, அது இவருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் அவருக்கு வேண்டிய தகவல்.

கோவையில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சாப்பாடு 90 ரூபாய். சமைக்க 52, பேக்கிங்குக்கு 6. மீதி 32 ரூபாய் கையில் நிற்கும் என்று கணக்குப் போட்டார். முதல் இரண்டு மாதம் நாளுக்கு 40 சாப்பாடுதான்; தன் பைக்கிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஆர்டர் 120 ஆனது, டெலிவரிக்கு ஆள் வைத்தார். சாப்பாட்டுக்கு 22 ரூபாய் அங்கே போனது. விலையை மாற்றவில்லை. மிஞ்சியது 10 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 31,200 ரூபாய். வாடகையும் உதவியாளர் சம்பளமும் 48,000. ஆக, மாதம் 16,800 நஷ்டம், ஆர்டரோ மும்மடங்கு!

ஏழாம் மாதம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. விலையை 100 ஆக்கக் கேட்டார்; பெரிய வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. 'அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்று இழுத்து, பதினோராம் மாதம் மூடினார். அந்த நான்கு மாத இழுப்பின் விலை 67,200 ரூபாய்.

இவர் நேர்காணலில் என்ன சொல்லலாம்? "டெலிவரிச் செலவை விலையில் சேர்க்காமல் விட்டது என் தப்பு. ஏழாவது மாசம் தெரிஞ்சது. அப்பவே மூடியிருக்கணும், நாலு மாசம் தாமதிச்சேன். இப்போ எந்த வேலையை எடுத்தாலும், ஆர்டர் கூடினா எந்தச் செலவு கூடும்னு முதல்ல எழுதிடுறேன்." அரை நிமிடப் பேச்சு. தெரிந்த நாளுக்கும் மூடிய நாளுக்கும் இடையே இருந்த தூரத்தை அவரே சொல்லிவிடுகிறார். பொறுப்பேற்பது என்பது நடைமுறையில் இதுதான். 'கற்றுக்கொண்டேன்' என்று மட்டும் சொல்பவரிடம், என்ன கற்றீர்கள் என்று மறுகேள்வி வரும், இவரிடம் வராது.

அமெரிக்காவின் டோனி ஃபேடெல் 1999இல் ஃப்யூஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டாட்காம் சரிவுக்குப் பிறகு முதலீடு கிடைக்காமல் அது நின்றுபோனது. 2001 தொடக்கத்தில் சில வார ஒப்பந்தத்தில் ஆப்பிளுக்குள் நுழைந்தார். அந்த அக்டோபரில் ஐபாட் அறிமுகமானது. டிஜிட்டல் இசைக் கருவிகள் பற்றி ஃப்யூஸில் அவர் யோசித்தவை ஆப்பிளில் கைகொடுத்தன. மூடிய கம்பெனியில் கற்றதை, விண்ணப்பிக்கும் வேலைக்குத் தேவையானதோடு முடிச்சுப்போட வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்குப் போனால், சமையலைவிட அந்த 22 ரூபாய்க் கதைதான் அங்கே பேசவேண்டியது.

பயோடேட்டாவில் 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி' வேண்டாம். நான்கைந்து பேர் வேலைசெய்த இடத்துக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. 'உரிமையாளர், மதியச் சாப்பாடு டெலிவரி, நாளுக்கு 120' என்பது போதும். அந்தக் காலத்தை வெற்றிடமாக விட்டு மறைப்பதும் ஆபத்து, பி.எஃப். பதிவிலேயே இடைவெளி தெரிந்துவிடும்.

கேட்காமலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'நிஜமாகவே மூடியாச்சா, இல்லை சம்பளம் வாங்கிக்கொண்டே பக்கத்தில் ஓட்டுவாரா?' இதற்கு வாய்ப்பேச்சு போதாது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் கடைசிக் கணக்கை ஜிஎஸ்டிஆர்-10 படிவத்தில் தாக்கல் செய்யவேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னும் கவனம் வேண்டும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் தகுதியிழப்பார்கள். 2017இல் மத்திய அரசு அப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தகுதிநீக்கம் செய்தது. கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்ததோடு கம்பெனி சட்டப்படி மூடியதாகாது; அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும்.

கடைசி மாதச் சம்பளத்தையும் காய்கறிக்காரர் பாக்கியையும் தீர்த்தீர்களா என்பதும் சில நிறுவனங்களில் பேச்சாக வரும். தீர்த்திருந்தால் தேதியோடு சொல்லலாம். தீராமல் இருந்தால் எவ்வளவு மிச்சம், எந்த மாதத்துக்குள் என்று சொல்வது மழுப்புவதைவிட மேல்.

நேர்காணலுக்குக் கிளம்பும் முன் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் பழைய எண்ணைத் தட்டிப் பாருங்கள். அது இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டினால், உங்களுக்கு முன்னால் எதிரே இருப்பவர் அதைப் பார்த்திருக்கக்கூடும்.