பிடித்த வரிக்குச் சான்றிதழ் கேளுங்கள்

மதுரையில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்க்கும் ஒருவர், சென்னை நிறுவனம் ஒன்றுக்கு 2025-26 நிதியாண்டில் மூன்று பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 20 அன்று 60,000 ரூபாய், செப்டம்பர் 24 அன்று 80,000, ஜனவரி 10 அன்று 40,000. பத்து சதவீத டிடிஎஸ் போக அவர் கணக்கில் ஏறியவை: செப்டம்பரில் 54,000, அக்டோபர் 14 அன்று 72,000, ஜனவரியில் 36,000. பிடித்தம் மொத்தம் 18,000 ரூபாய். அது அவருடைய பணம். அவர் பெயரில் அரசுக்குப் போய்ச் சேர வேண்டியது. சேர்ந்ததற்கான சான்றுதான் படிவம் 16ஏ.

பலரும் "சார், டிடிஎஸ் சர்ட்டிபிகேட் அனுப்புங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் அது அப்படியே தங்கிவிடும். அவர்கள் தேட உதவும்படி எழுத வேண்டும்:

"எனது பான் எண் இது. கீழ்க்கண்ட மூன்று பில்களுக்கு நீங்கள் பிடித்த 6,000, 8,000, 4,000 ரூபாய்க்குரிய படிவம் 16ஏ-வை அனுப்பவும். பில் எண், தேதி, தொகை, வங்கியில் வரவான தேதி, வரவான தொகை ஆகியவற்றை இணைத்துள்ளேன்."

இரண்டு தேதிகளையும் தருவதற்குக் காரணம் உண்டு. பில்லைக் கணக்கில் வரவு வைக்கும் நாள், பணம் கொடுக்கும் நாள், இவற்றில் எது முந்தியதோ அன்றே வரியைப் பிடிக்க வேண்டும். அந்த 80,000 ரூபாய் பில்லை நிறுவனம் செப்டம்பரிலேயே பதிந்திருந்தால், பணம் அக்டோபரில் வந்தாலும் அந்த 8,000 ஜூலை-செப்டம்பர் காலாண்டுச் சான்றிதழில்தான் இருக்கும். அக்டோபர்-டிசம்பரில் தேடி, "கட்டவே இல்லை" என்று சண்டைக்குப் போய்விடக் கூடாது.

சான்றிதழ் வரவேண்டிய கடைசி நாள்கள்: ஜூன் காலாண்டுக்கு ஆகஸ்ட் 15, செப்டம்பருக்கு நவம்பர் 15, டிசம்பருக்கு பிப்ரவரி 15, மார்ச்சுக்கு ஜூன் 15. எழுதுவதற்கு முன் வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். தொகை அங்கே இருந்தால் வரி வந்துவிட்டது, சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. இல்லையென்றால் நிறுவனம் பணத்தைக் கட்டவில்லை, காலாண்டு அறிக்கை தாக்கல் செய்யவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கிறது. பான் பிழை என்றால் திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து தரும் தாளை ஏற்காதீர்கள். 16ஏ வரித்துறையின் ட்ரேசஸ் தளத்திலிருந்து இறங்கியதாக இருக்க வேண்டும்.

பதிலே வராவிட்டால் அடுத்த கடிதத்தில் சட்டத்தைக் குறிப்பிடலாம். 2025-26-க்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு சான்றிதழ் தருவதைக் கட்டாயமாக்குகிறது. தராவிட்டால் 272ஏ பிரிவின்படி நாளுக்கு 500 ரூபாய், பிடித்த வரி அளவுவரை, அபராதம் விதிக்க இடமுண்டு. பிடித்ததை நிறுவனம் கட்டாமல் விட்டாலும் அதே தொகையை உங்களிடம் நேரடியாகக் கேட்க 205-ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆனால் கணினி அனுப்பும் நோட்டீஸ் அதைப் பார்க்காது. அப்போது பதிலுடன் வைக்க வேண்டியவை பில், வங்கி அறிக்கை, நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல்.