கார்ட் மாறும்போது ஸ்கேல்: ஜாஸ் மனோதர்மத்தின் ஒரு வழிமுறை

ஜாஸ் இசையில் ஒரு பாடலின் மெட்டு ஒருமுறை வாசிக்கப்பட்ட பிறகு, அந்த மெட்டுக்கு அடியில் ஓடிய கார்ட் வரிசை மட்டும் திரும்பத் திரும்பச் சுழல, அதன் மேல் சாக்ஸஃபோனோ டிரம்பெட்டோ பியானோவோ புதிய இசைவரியை அந்தக் கணத்திலேயே இயற்றிக்கொண்டு செல்கிறது. கார்ட் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று அல்லது நான்கு சுரங்களின் தொகுதி. ஸ்கேல் என்பது படிப்படியாக ஏறி இறங்கும், பெரும்பாலும் ஏழு சுரங்களைக் கொண்ட வரிசை. நான்கு சுரக் கார்ட் ஒன்று ஒலிக்கும்போது அதன் இடைவெளிகளை எந்த மூன்று சுரங்களால் நிரப்பலாம் என்று கேட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேலைப் பொருத்திப் பார்க்கும் முறையே கார்ட்-ஸ்கேல் சிந்தனை எனப்படுகிறது.

இம்முறையின் இயக்கத்தைக் காண ‘ஆட்டம் லீவ்ஸ்’ மிகப் பொருத்தமான பாடல். ஜோசப் காஸ்மா 1945இல் பாரிஸில் இசையமைத்த இப்பாடலை ஜாஸ் கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டனர். கேனன்பால் ஆடர்லியும் மைல்ஸ் டேவிஸும் 1958இல் பதிவுசெய்த வடிவம் இன்றும் பாடமாகக் கேட்கப்படுகிறது. அப்பதிவு ஜி மைனரில் அமைந்தது என்றாலும், ஷார்ப், பிளாட் குறிகள் குறைவாக வரும் இ மைனரிலும் இப்பாடல் எழுதப்படுவதுண்டு என்பதால் இங்கே அதையே கொள்ளலாம். அதன் முதல் ஏழு பார்களில், அதாவது நான்கு தட்டுகள் கொண்ட ஏழு சுற்றுகளில், ஏ மைனர் செவன், டி செவன், ஜி மேஜர் செவன், சி மேஜர் செவன், எஃப் ஷார்ப் மைனர் செவன் பிளாட் ஃபைவ், பி செவன், இ மைனர் என்று பாருக்கு ஒன்றாகக் கார்டுகள் வருகின்றன. நிமிடத்துக்கு 160 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு கார்ட் நிலைக்கும் நேரம் ஒன்றரை வினாடிதான்.

பாடநூல் முறையில் முதல் கார்டுக்கு ஏ டோரியன், இரண்டாவதுக்கு டி மிக்ஸோலிடியன், மூன்றாவதுக்கு ஜி மேஜர், நான்காவதுக்கு சி லிடியன், ஐந்தாவதுக்கு எஃப் ஷார்ப் லோக்ரியன் என்று ஸ்கேல்கள் குறிக்கப்படும். கர்நாடக இசை அறிந்தவருக்கு முதல் நான்கும் முறையே கரகரப்ரியா, ஹரிகாம்போதி, சங்கராபரணம், மேசகல்யாணி ஆகிய மேளங்களின் சுரவரிசைகள் என்பது உடனே தெரியும். பஞ்சமம் இல்லாத ஐந்தாவது வரிசை மட்டும் 72 மேளங்களுக்குள் வராது. பெயர்கள் ஐந்தானாலும், ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப் என்ற ஒரே ஏழு சுரங்களை வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கினால் கிடைப்பவையே இவை, அதாவது கிரகபேதத்தின் விளைவுகள். அப்படியானால் ஐந்து பெயர்கள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இந்த முறையின் உண்மையான பயன் அதற்கான விடையில்தான் இருக்கிறது.

ராகத்தில் ஆதார சட்ஜம் அசையாமல் நிற்கிறது. இங்கோ பேஸ் வாத்தியம் தாங்கிநிற்கும் மூல சுரம் பாருக்குப் பார் இடம்பெயர்வதால், விரல் அதே சுரத்தில் இருந்தாலும் அந்தச் சுரத்தின் பொருள் மாறிவிடுகிறது. சி என்ற ஒரு சுரத்தை மட்டும் தொடர்ந்து பார்த்தால், முதல் கார்டில் அது மூன்றாம் சுரம், இரண்டாவதில் ஏழாம் சுரம், நான்காவதில் மூல சுரம். இவை அனைத்திலும் எவ்வளவு நேரம் நீட்டினாலும் அது இசைந்தே ஒலிக்கும். ஆனால் மூன்றாவது கார்டான ஜி மேஜர் செவனில் அது நான்காம் சுரமாகி, அந்தக் கார்டின் மூன்றாம் சுரமான பி-க்கு அரைச்சுரம் மேலே அமர்வதால் இரண்டும் உரசுகின்றன. இத்தகைய சுரத்தைத் தவிர்ப்புச் சுரம் என்பர். தொடவே கூடாது என்பது அதன் பொருளன்று. பி-க்குப் போகும் வழியில் அரைத்தட்டு நேரம் கடந்து சென்றால் எந்தக் குறையும் தெரியாது. பாரின் முதல் தட்டில் விழுந்து அங்கேயே நின்றால்தான், வரி முடிந்தும் முடியாததுபோலவும் பியானோ வேறொரு கார்டை வாசிப்பதுபோலவும் காதுக்குத் தோன்றும். பயிற்சி பெறுவோர் ஸ்கேல் சரியாக இருந்தும் ஏதோ பிழையாக ஒலிக்கிறதே என்று தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆறாவது பாரில்தான் சுரத்தொகுதியே மாறுகிறது. பி செவன் கார்டுக்குள் டி ஷார்ப் இருப்பதால், அதுவரை இருந்த டி அரைச்சுரம் உயர்ந்து பி, சி, டி ஷார்ப், இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ என்ற வரிசை கிடைக்கிறது. இது வகுளாபரணத்தின் சுரவரிசை. இன்னும் கூர்மையான நிறம் வேண்டுவோர் ஆல்டர்ட் எனப்படும் ஸ்கேலை எடுத்து, இ, எஃப் ஷார்ப் ஆகியவற்றை விட்டு டி, எஃப் ஆகியவற்றைச் சேர்ப்பர். இந்தப் பாரிலும் பழைய டி-யையே வாசிப்பது பெரும் பிழையன்று, ஏனெனில் அடியில் டி ஷார்ப் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை அது ஒரு பதற்றச் சுரமாக ஏற்கப்படும். ஆனால் டி ஷார்ப்பைத் தொடாமலே கடந்த வரியைத் துணை வாத்தியம் இன்றித் தனியே கேட்டால், பாடல் இ மைனரை நோக்கித் திரும்பியதே அதில் பதிவாகியிருக்காது.

இந்தத் திருப்பங்களை வரிக்குள் கொண்டுவர, ஒவ்வொரு கார்டின் நிறத்தையும் தீர்மானிக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்களைப் பின்தொடர்வதே மிகச் சிறந்த வழி. முதல் கார்டின் ஏழாம் சுரமான ஜி அரைச்சுரம் இறங்கி டி செவனின் மூன்றாம் சுரமான எஃப் ஷார்ப் ஆகிறது. அது ஜி மேஜர் செவனிலும் ஏழாம் சுரமாக நீடித்து, சி மேஜர் செவன் வரும்போது இ-க்கு இறங்கி, ஐந்தாவது கார்டிலும் அங்கேயே நின்று, பி செவனில் டி ஷார்ப்புக்கு இறங்கி, இறுதியில் இ-க்கு ஏறி அமைதியடைகிறது. இதற்கு இணையாக இன்னொரு இழை சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி என்று இறங்கிவருகிறது. ஒன்று நிற்கையில் மற்றொன்று நகரும் இந்த இரண்டு இழைகளை மட்டும் வாசித்தாலும் பாடலின் நடை முழுவதும் கேட்கும். ஸ்கேலின் மற்றச் சுரங்கள் இவற்றுக்கிடையே பாதை அமைப்பவை.

ஒரு கார்டுக்குத் தாய் ஸ்கேல் ஒன்று உண்டு என்ற கருத்தை விரிவான கோட்பாடாக முன்வைத்தவர் ஜார்ஜ் ரஸ்ஸல். 1953இல் வெளிவந்த அவருடைய நூல், சி-யிலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக ஏறினால் ஏழாவதாக எஃப் ஷார்ப் கிடைப்பதைக் காட்டி, மேஜர் கார்டுக்கு மேஜர் ஸ்கேலைவிட லிடியனே நெருக்கமானது என்று வாதிட்டது. பின்னர் பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரி கார்ட்-ஸ்கேல் முறையைப் பாடத்திட்டமாக வளர்த்தது. மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுப் படைப்பான ‘சோ வாட்’ டி டோரியனில் 16 பார்கள், அரைச்சுரம் மேலே இ பிளாட் டோரியனில் 8, மீண்டும் டி டோரியனில் 8 என்று அமைந்திருப்பதால், ஸ்கேலே இசைப்பொருளாக விரிய அங்கே இடம் இருக்கிறது. சார்லி பார்க்கர் தலைமுறையின் வேகமான வரிகளை இந்த அளவுகோல் அவ்வளவாக விளக்குவதில்லை. அவை கார்டின் சுரங்களைக் குறிவைத்து, மேலும் கீழும் உள்ள அரைச்சுரங்களால் அவற்றைச் சுற்றி வளைத்துப் பிடிப்பவை, அந்த அரைச்சுரங்களில் பல எந்த ஸ்கேலுக்குள்ளும் அடங்காதவை.

ஒவ்வொரு பாரிலும் மூல சுரத்திலிருந்து ஸ்கேலைப் புதிதாகத் தொடங்குவது பயிற்சியில் மிகுதியாகக் காணப்படும் குறை. அப்போது வரி பாருக்குப் பார் அறுந்து ஒலிக்கும். அதைத் தவிர்க்க ஆசிரியர்கள் தரும் பயிற்சி எளிமையானது: தட்டுக்கு இரண்டு சுரமாக நிறுத்தாமல் ஏறிச் செல்ல வேண்டும், கார்ட் மாறும் இடத்தில் கையிருக்கும் சுரத்துக்கு மிக அருகிலுள்ள அடுத்த ஸ்கேலின் சுரத்துக்குப் போக வேண்டும், வாத்தியத்தின் எல்லை வந்தால் மட்டுமே திசை திரும்ப வேண்டும். ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாடலில் இதை மெதுவான வேகத்தில் செய்பவர் முதல் ஐந்து பார்களில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆறாவது பாரில் டி இருந்த இடத்தில் டி ஷார்ப்பைப் பிடிப்பதும், ஏழாவதில் அதை இ-க்குக் கொண்டு சேர்ப்பதுமே கவனிக்க வேண்டியவை.