உரக்கடைப் பாக்கிக்குத் தவணை கேட்டு எழுதும் முறை

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா சாகுபடிக்கு வேண்டிய உரம், பூச்சிமருந்து முதலியவற்றை உள்ளூர்க் கடையில் பற்று எழுதி வாங்கி, அறுவடையானதும் கணக்குத் தீர்ப்பது நெடுநாளைய வழக்கம். விளைச்சல் குறைந்த வருஷத்தில் இந்தக் கணக்குத் தீராமல் நின்றுபோகிறது. அப்பொழுது குடியானவர்களில் சிலர் கடை வழியே போவதை விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்று சொல்லி அனுப்புகின்றனர். கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கெடுத்தவரேயாதலால், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் வரும் என்பது தெரிந்தாலன்றித் தம் கடனுக்கு அவர் வழி செய்துகொள்ள இயலாது. அதைத் தெரிவிக்கும் கடிதமே தவணைக் கடிதம். கெடுத் தேதிக்கு முன்னரே அதை எழுதுவது உத்தமம். கெடு கடந்துவிட்டால் சில நாட்களுக்குள்ளாவது எழுதவேண்டும். அதை எழுதும் முறை ஓர் உதாரணத்தைக் கொண்டு கீழே விளக்கப்படுகிறது.

மன்னார்குடி வட்டத்தில் ஏழு ஏக்கரில் சம்பா பயிரிட்ட ஒரு குடியானவரின் கணக்கு இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ரூ. 64,000-க்கு அவர் சரக்கு வாங்கினார். முதலில் ரூ. 10,000 ரொக்கமாகக் கொடுத்தார். மீதியைப் பிப்ரவரி 28-க்குள் கொடுப்பதாகப் பேச்சு. தை மாத மழையில் கதிர் முற்றிய பயிர் சாய்ந்து, அந்தக் கெடுவில் அவரால் பணம் கட்ட முடியவில்லை.

கணக்கை ஒத்துப் பார்த்தல்

கடிதத்தில் எழுதும் தொகைக்குச் சட்டப்படி ஒரு பலன் உண்டு. சரக்கின் விலைக்காக வழக்குத் தொடரக் காலவரையறைச் சட்டம் (1963) மூன்று வருஷம் கொடுக்கிறது. அந்தக் காலம் முடியுமுன் கடனாளி தம் கையொப்பத்துடன் கடனை ஒப்புக்கொண்டு எழுதினால், எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்குகிறது. கடிதத்தைக் கண்டு அஞ்ச இது காரணமாகாது. ஆனால் தவறான தொகையை ஒப்புக்கொண்டு எழுதலாகாது என்பதற்குப் போதிய காரணமாகும்.

ஆகையால் கடைப் பேரேட்டையும் கையிலுள்ள ரசீதுகளையும் வரிவரியாக ஒத்துப் பார்க்கவேண்டும். மேற்படி குடியானவருக்குக் கடையில் சொல்லப்பட்ட பாக்கி ரூ. 56,700. ஒத்துப் பார்த்ததில், மூட்டை ரூ. 1,350 வீதம் இரண்டு மூட்டை டி.ஏ.பி. இருமுறை எழுதப்பட்டிருந்தது. கடைக்காரர் ரூ. 2,700-ஐத் தள்ளி, ரூ. 54,000 என்று முடிவு செய்தார். எந்த இனத்திலாவது ஒத்துக்கொள்ளுதல் ஏற்படாவிடில், அதனை மொத்தத்தில் சேர்க்காமல், "இது விசாரணையில் உள்ளது" என்று கடிதத்தில் தனியே குறிப்பிடவேண்டும்.

தேதிகள் வரவை ஒட்டியிருத்தல்

தவணை தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம், மாதச் சம்பளக்காரரைப் போல மாதந்தோறும் சமத் தொகையாகக் கட்டுவதாக ஒப்புக்கொள்வதே. குடியானவருக்கு வரவு மாதந்தோறும் சமமாய் வருவதில்லை. ஆதலால் முதலில் வரவு நாட்களை எழுதி, பின்னரே தவணை நாட்களை எழுதவேண்டும்.

இவருடைய நிலத்தில் 210 மூட்டை எதிர்பார்த்த இடத்தில் 120 மூட்டையே கண்டது. மூட்டை 60 கிலோ வீதம் 72 குவிண்டால். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலிருந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட இயலாமல் வெளி வியாபாரியிடம் குறைந்த விலைக்கு விற்றதனால், எல்லாம் சேர்ந்து குவிண்டாலுக்குச் சராசரி ரூ. 2,000 கிடைத்தது. வரவு ரூ. 1,44,000. இதில் அறுவடை இயந்திர வாடகை, ஏற்றுகூலி ரூ. 28,000, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ரூ. 80,000, ஏப்ரல் முடிய வீட்டுச் செலவு ரூ. 24,000. மிஞ்சியது ரூ. 12,000. நெல் தரிசில் விதைத்துள்ள உளுந்துக்கு மருந்தடிக்க ரூ. 2,000 வைத்துக்கொண்டு, ரூ. 10,000-ஐக் கடிதத்துடனேயே கட்டத் தீர்மானித்தார். கடிதத்துடன் வரும் பணம் சிறிதாயினும், பின்வரும் தேதிகளைக் கடைக்காரர் நம்புவதற்கு அது ஆதாரமாகிறது.

அடுத்த வரவு உளுந்து. நான்கு ஏக்கரில் 1,000 கிலோ கிடைக்கலாமென்பது அவர் எண்ணம். ஆனால் கடிதத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 800 கிலோ, விலை கிலோ ரூ. 60. ஆக வரவு ரூ. 48,000. பறி கூலியும் அடி கூலியும் ரூ. 12,000, வீட்டுக்கு ரூ. 12,000 போக, கட்டக்கூடியது ரூ. 24,000. அறுவடை ஏப்ரல் நடுவில் முடியும். ஆனால் காய்ந்து, விற்று, பணம் கைக்கு வர நாளாகும். எனவே தவணை மே 5 என்று வைக்கப்பட்டது. வரவு நாளுக்கும் தவணை நாளுக்கும் இடையே இவ்வாறு இரண்டு, மூன்று வாரம் விடுவது அவசியம்.

மீதி ரூ. 20,000-க்கு, இரண்டு கறவை மாடுகளின் பால் பணத்தில் தீவனமும் வீட்டுச் செலவும் போக மாதம் ரூ. 4,000 வீதம் ஐந்து தவணை. பயிர் காப்பீட்டு இழப்பீட்டுத் தொகையோ வெள்ள நிவாரணமோ வருமென்று நம்பி எந்தத் தேதியையும் எழுதலாகாது. அவை வரும் நாள் குடியானவரின் கையில் இல்லை. வந்தால் எவ்வளவு கட்டப்படும் என்று மட்டும் எழுதலாம்.

காரணம் எழுதும் முறை

காரணம் இரண்டு, மூன்று வாக்கியங்களில் அடங்கவேண்டும். அளந்து பார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும். "மழையால் பெருநஷ்டம்" என்பதைவிட "210 மூட்டைக்கு 120 மூட்டை" என்பது பயன்படும். கொள்முதல் ரசீதின் நகலை இணைக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் நகல், எந்தப் புலத்தில் எந்தப் பயிர் எத்தனை பரப்பில் இருந்தது என்பதற்கே சாட்சி. விளைச்சல் குறைவுக்கு அது சாட்சியன்று. ஆதலால் அதில் நஷ்டத்தை எழுதித் தரும்படி குடியானவர் கேட்பதும், அலுவலர் எழுதித் தருவதும் முறையல்ல.

சங்கக் கடனை முதலில் அடைத்ததை மறைக்க முற்படுவோர் உண்டு. கிராமத்தில் அது மறையாது. கெடுவுக்குள் கட்டினால் வட்டிச் சலுகை உண்டென்பதும், அடுத்த சாகுபடிக்குச் சங்கக் கடன் கிடைக்க அது அவசியமென்பதும் கடைக்காரர் அறிந்தவையே. உள்ளதை எழுதிவிட்டால் பின்னர் அதைக் குறித்து மனக்கசப்பு எழாது.

கடிதத்தின் மாதிரி

"ஐயா,

தங்கள் கடையில் சம்பா சாகுபடிக்கு வாங்கிய சரக்கில் பிப்ரவரி 28-க்குள் கட்டவேண்டிய ரூ. 54,000 (கணக்கு ஒத்துப் பார்த்தபடி) இன்னும் கட்டவில்லை. தை மழையில் பயிர் சாய்ந்து, ஏழு ஏக்கரில் 210 மூட்டைக்கு 120 மூட்டையே கண்டது. அந்த வரவில் அறுப்புக் கூலியும் சங்கக் கடனும் முதலில் தீர்த்துள்ளேன்.

இத்துடன் ரூ. 10,000 கட்டுகிறேன். உளுந்து விற்று மே 5-ல் ரூ. 24,000 கட்டுவேன். பால் பணத்திலிருந்து ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 15-ஆம் தேதிதோறும் ரூ. 4,000 கட்டி, அக்டோபர் 15-ல் கணக்கைத் தீர்ப்பேன். பயிர் இழப்பீடு வந்தால், வந்த ஏழு நாளில் அதில் பாதியைக் கட்டுவேன். அது கடைசித் தவணையிலிருந்து பின்னோக்கிக் கழியவேண்டும். இத்தொகைகள் யாவும் மேற்படி பழைய பாக்கிக்கே வரவு வைக்கப்படவேண்டும். இனி வாங்கும் சரக்கை ரொக்கத்துக்கே வாங்குவேன்.

வட்டி உண்டானால், அவ்வப்போது நிற்கும் மீதித் தொகைக்கு மட்டும் கணக்கிடக் கோருகிறேன். சம்மதமானால் இதன் நகலில் கையொப்பமிட்டுத் தரவேண்டும்."

கடிதத்தில் தேதியும், ஒவ்வொரு தவணைக்கும் வருஷமும், ரசீது எண்களும் தவறாமல் எழுதவேண்டும். "பழைய பாக்கிக்கே" என்ற சொற்கள் வீணாக எழுதப்பட்டவை அல்ல. கட்டுகிறவர் எந்தக் கடனுக்கென்று சொல்லிக் கட்டினால், பெறுகிறவர் அதற்கே வரவு வைக்கவேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) விதி. சொல்லாவிட்டால் பெறுகிறவர் தம் விருப்பப்படி வரவு வைக்கலாம்.

வட்டி

மீதித் தொகைக்கு மட்டும் வட்டி என்ற நிபந்தனையின் பலனைக் கணக்கில் காணலாம். மார்ச்சு 10-ல் முதல் பணம் கட்டியதாகவும், வட்டி வருஷத்துக்கு 12 சதவீதமெனவும் கொண்டால், குறைந்துவரும் மீதிக்கு அக்டோபர் 15 முடிய வட்டி ஏறக்குறைய ரூ. 1,660. முழு ரூ. 54,000-க்கும் கடைசி நாள் வரையில் போட்டால் ஏறக்குறைய ரூ. 4,065. வித்தியாசம் கால் ஏக்கர் உளுந்தின் நிகர வருமானத்துக்குச் சற்று ஏறக்குறைய நிற்கிறது.

கடைக்காரரின் பதில்

தவணைக்குச் சம்மதிக்கவேண்டுமென்ற கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. ஆயினும் அவர் விரும்பினால் கெடுவை நீட்டிக் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. வாய்ப்பேச்சாக நின்றால் பின்னர் நினைவு வேறுபடும். நகலில் கையொப்பம் பெறுவது அதற்காகவே. மொத்த வியாபாரிக்கு அவர் கட்டவேண்டிய நாள் எதுவென்று கேட்டறிந்து, இயன்றால் பெரிய தவணையை அதற்கு முன் வைப்பது சம்மதத்தை எளிதாக்கும்.

சிலர் தவணைக்கு ஈடாகப் பின்தேதியிட்ட காசோலைகள் கேட்பார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி (1881), பணமின்றித் திரும்பிய காசோலைக்கு அறிவிப்பு வந்த 15 நாளில் பணம் கட்டாவிடில் அது குற்றமாகும். இரண்டு வருஷம் வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே உளுந்து விலையை நம்பிக் காசோலை கொடுப்பது ஆபத்து. தொகை எழுதாத காசோலையிலும் வெற்றுப் புரோநோட்டிலும் எக்காரணத்தாலும் கையொப்பமிடலாகாது.

தவணை தவறுமானால்

உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் பரவினாலோ, பூக்கும் காலத்தில் மழை பிடித்தாலோ, மே 5 தவணைக்குப் பணம் தேறாதென்பது ஏப்ரல் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்பொழுதே கடைக்குச் சென்று, தேறக்கூடிய தொகையையும் மீதிக்குப் புதிய தேதியையும் எழுதிக் கொடுக்கவேண்டும். தவணை நாளன்று வெறுங்கையுடன் நிற்பதும், மூன்று வாரத்துக்கு முன் சொல்வதும் கடைக்காரருக்கு ஒன்றல்ல. முன்னதில் மொத்த வியாபாரியிடம் அவருடைய வாக்கும் சேர்ந்து தவறுகிறது. கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி, மீதித் தொகையையும் அதில் எழுதச் செய்து, கையொப்பமான நகலுடன் சேர்த்து வைக்கவேண்டும். கடைசித் தவணையன்று "கணக்குத் தீர்ந்தது" என்று பேரேட்டிலும் ரசீதிலும் எழுதச் செய்த பின்னரே கடையை விட்டு வருதல் நலம்.