ஆள் இல்லாதபோது போகும் பதில்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மெர்ச்சண்டைசராக இருப்பவர் 2026 பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். ஜனவரி 14 போகியிலிருந்து 20 வரை லீவு கேட்டார். 19 திங்கள் வரைதான் கிடைத்தது. பையர் இருப்பது ஜெர்மனியில். அங்கே பொங்கல் விடுமுறை ஏது? சாம்பிள், ஷிப்மென்ட் என்று மெயில் வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றுக்கு ஆள் இல்லாமலே போகும் பதிலைத்தான் ‘அவுட் ஆஃப் ஆபீஸ்’ என்கிறோம். லீவு கேட்ட தேதியை வைத்து இதை எழுதக் கூடாது, கிடைத்த தேதியை வைத்து எழுத வேண்டும்.

“நான் விடுப்பில் இருக்கிறேன், அவசரமென்றால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும்” என்று எழுதி முடித்துவிடுவதுதான் பொதுவான வழக்கம். சிக்கலெல்லாம் அந்த இன்னாரிடம்தான். நம் மெர்ச்சண்டைசர் பக்கத்து இருக்கை நண்பரின் பெயரைப் போடுகிறார். பொங்கல் வாரத்தில் அவரும் ஊருக்குப் போய்விடுகிறார். அவருடைய தானியங்கிப் பதில் திரும்ப இவரைக் கைகாட்டுகிறது. ஜெர்மனிக்காரருக்கு இரண்டு பதில் கிடைக்கிறது, ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

அதனால் பெயரைப் போடுமுன் அந்த ஆளிடம் நேரில் கேட்டுவிட வேண்டும்: அத்தனை நாளும் இருப்பாரா, கோப்பு அவர் கைக்கு எட்டுமா, முடிவெடுக்கும் அதிகாரம் உண்டா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சாம்பிளில் திருத்தம் கேட்டு வரும் மெயிலுக்குப் பக்கத்து இருக்கைக்காரரால் “பார்த்துச் சொல்கிறேன்” என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. அந்த மெயில் மேலாளருக்குப் போக வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் கேட்பவரோ மேலாளரைத் தேடத் தேவையில்லை. டாக்குமென்டேஷன் பிரிவின் பொது மெயில் முகவரி போதும். ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் அதைத் திறந்து பார்ப்பார்.

அப்படிப் பிரித்துக்கொண்டால் வாசகம் இப்படி அமையும்:

“வணக்கம். ஜனவரி 14 முதல் 19 வரை விடுப்பில் இருக்கிறேன். 20 செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்புவேன். அதுவரை மெயில் பார்க்க இயலாது. சாம்பிள் தொடர்பாக எங்கள் மெர்ச்சண்டைசிங் மேலாளருக்கும், ஷிப்மென்ட் ஆவணங்களுக்கு டாக்குமென்டேஷன் பிரிவுக்கும் ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மற்றவற்றுக்கு நான் திரும்பிய பிறகு பதில் தருகிறேன்.”

மேலாளரின் பெயரும் இரண்டு மெயில் முகவரிகளும் அந்தந்த இடத்தில் சேரும். “அவ்வப்போது மெயில் பார்ப்பேன்” என்ற வரி மட்டும் வேண்டாம். அதைப் படித்தவர் மேலாளருக்கு எழுதாமல் உங்களுக்காகவே காத்திருப்பார்.

இதைப் பையர் படிக்கும் மொழியில் அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்ற சாலைப் பலகைக்காக ஆங்கில வாசகத்தை வெல்ஷ் மொழிபெயர்ப்புக்கு மெயிலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் எழுதி நட்டும்விட்டார்கள். “நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்புங்கள்” என்பதுதான் அதன் பொருள். வெல்ஷ் தெரியாதவர்களுக்கு அது தானியங்கிப் பதில் என்றே புரியவில்லை.

அவுட்லுக்கில் உள் அலுவலகத்துக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என இரண்டு பெட்டிகள் இருக்கும். உள்ளே போகும் பதிலில் கைபேசி எண்ணைக்கூடத் தரலாம். வெளியே போவதில் அது வேண்டாம், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதும் வேண்டாம். பொறுப்பானவர் ஒரு வாரம் இல்லை என்று தெரிந்தாலே, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்” என்று அவர் பெயரில் பையருக்குப் போலி மெயில் அனுப்பும் மோசடிக்காரர்களுக்கு வேலை சுலபம். சிலர் உள்பெட்டியை மட்டும் நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போது பையருக்கு ஒன்றுமே போகாது. கிளம்புமுன் உங்கள் சொந்த மெயிலிலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஜிமெயிலில் இந்த வசதியின் பெயர் Vacation responder. ஒரே ஆள் அடுத்தடுத்து எழுதினாலும் நான்கு நாளுக்கு ஒரு முறைதான் அது பதில் அனுப்பும். எனவே யாருக்கு எழுத வேண்டும் என்ற விவரம் முதல் பதிலிலேயே முழுதாக இருக்க வேண்டும். ஸ்பேமில் விழுந்த மெயிலுக்கு எதுவும் போகாது. Last day என்ற இடத்தில் டிக் செய்து 19 என்று குறிக்க வேண்டும். மறந்துவிட்டால், 20-ஆம் தேதி மெர்ச்சண்டைசர் இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவர் விடுப்பில் இருப்பதாகப் பதில் போய்க்கொண்டிருக்கும்.