வேலை போன பிறகு எத்தனை மாதம் தாங்கும்?

காலையில் ஒரு மீட்டிங் அழைப்பு வருகிறது. சேர்ந்து பார்த்தால் மேனேஜரோடு ஹெச்.ஆரும் இருக்கிறார். "உங்க புராஜெக்ட் முடிஞ்சிருச்சு, வேற இடமும் காலி இல்ல. நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்" என்கிறார். சென்னை ஐ.டி. நிறுவனங்களில் ஆட்குறைப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வேலையை விட்டு அனுப்புவது நிறுவனம். ராஜினாமாக் கடிதம் எழுதுவது ஊழியர்.

அந்த நிமிடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. "விவரங்களை மெயிலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேட்கலாம். கடைசி வேலை நாள் எது, நோட்டீஸ் சம்பளம் எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, ரிலீவிங் கடிதத்தில் என்ன காரணம் எழுதப்படும் ஆகிய ஐந்துக்கும் எழுத்தில் பதில் வர வேண்டும். சட்டப்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்தால், அவர் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். தானாக ராஜினாமா செய்தவர் அதைக் கேட்க முடியாது. ஆகவே ராஜினாமா எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், பதிலுக்கு நிறுவனம் என்ன தரப்போகிறது என்பதை முதலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எட்டு லட்சம், எத்தனை மாதம்?

அடுத்து உட்கார்ந்து போட வேண்டியது ஒரே ஒரு கணக்கு: கையில் உள்ள பணம் எத்தனை மாதம் தாங்கும்? எந்த வேலையை ஏற்பது, எவ்வளவு சம்பளம் கேட்பது, எவ்வளவு காலம் காத்திருப்பது எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்தவை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் 8 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்த டெஸ்டிங் இன்ஜினீயர். கையில் வாங்கிய சம்பளம் மாதம் ஒரு லட்சம். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 52,000. ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியிருப்பதால் கிராஜுவிட்டி உண்டு. 52,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும் என்பதால் 9 ஆண்டு. ஆக 2,70,000 ரூபாய். நோட்டீஸ் சம்பளமும் இழப்பீடும் வரிப் பிடித்தம் போக 2,54,000. எடுக்காத 15 நாள் விடுப்புக்கு 26,000. வங்கியில் வைப்புநிதி 2,50,000. எல்லாம் சேர்ந்து எட்டு லட்சம்.

மாதச் செலவு: வீட்டுக்கடன் தவணை 32,000, கார் கடன் 9,000, மளிகை முதலான வீட்டுச் செலவு 20,000, பள்ளிக் கட்டணம் 8,000, பெற்றோருக்கு 7,000, மின்சாரம், பெட்ரோல், போன் 6,000, எஸ்.ஐ.பி. 10,000, வெளியே சாப்பாடு, சினிமா வகையறா 6,000. மொத்தம் 98,000. எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, வெளிச் செலவை 2,000 ஆகக் குறைத்தால் 84,000 ஆகிறது. ஆனால் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு போய்விடும். சொந்தமாக ஒரு பாலிசி எடுத்தால் மாதத்துக்குச் சராசரி 3,000 கூடி 87,000 ஆகும். அவசரத்துக்கு ஒரு லட்சம் ஒதுக்கினால், மிச்சம் ஏழு லட்சம் எட்டு மாதம் தாங்கும்.

காகிதத்தில் எட்டு மாதம்தான். ஆனால் அதில் இரண்டைக் கழிக்க வேண்டும். முதல் ரவுண்டு இன்டர்வியூவிலிருந்து ஆஃபர் வந்து வேலையில் சேர நான்கு, ஆறு வாரம் சர்வசாதாரணமாக ஆகும். சம்பளப் பட்டியல் முடிந்த பிறகு சேர்ந்தால், முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். ஆகவே இவருக்கு வேலை தேட உண்மையில் இருப்பது ஆறு மாதம். முதல் நான்கு மாதம் பழைய சம்பளத்துக்குக் குறையாத வேலையைத் தேடலாம். அதற்குள் அமையவில்லை என்றால் ஐந்தாவது மாதம் கேட்கும் தொகையையோ, பதவியையோ, ஊரையோ தளர்த்த வேண்டும். இந்தத் தேதியை முதல் வாரத்திலேயே காலண்டரில் குறித்துவிட்டால், பயத்தில் முதல் மாதமே அடிமாட்டு விலைக்குச் சேரவும் மாட்டார். ஏழாவது மாதம் வரை வீம்புக்குக் காத்திருக்கவும் மாட்டார்.

எட்டு லட்சமும் ஒரே நாளில் கைக்கு வராது என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, நீக்கப்பட்டவரின் ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு. நடைமுறையில் செட்டில்மென்ட் இழுத்தடிப்பதும் உண்டு. அதுவரை குடும்பத்தைத் தாங்குவது அந்த வைப்புநிதிதான். அதனால் செட்டில்மென்ட் பணம் வந்த கையோடு வீட்டுக்கடனில் பெரும்பகுதியைக் கட்டிவிடும் யோசனை வேண்டாம். கடனுக்குக் கட்டிய பணத்தை வீட்டுச் செலவுக்குத் திரும்ப எடுப்பது எளிதல்ல. தவணை கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேச வேண்டும். தவறிய தவணை கடன் அறிக்கையில் பதிவாகிவிடும். வங்கித் துறை சார்ந்த வேலைகளில் சேரும்போது அந்த அறிக்கையைச் சில நிறுவனங்கள் கேட்கின்றன.

பி.எஃப். பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு சேவை வேண்டும். நம் இன்ஜினீயர் அதை நெருங்கிவிட்டார். இப்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால், எட்டரை ஆண்டுச் சேவை கணக்கிலிருந்து போய்விடும். அதே யு.ஏ.என். எண்ணோடு அடுத்த வேலையில் சேர்ந்தால் அது தொடரும்.

எப்போது, யார் வழியாக

ஐ.டி. துறையில் நோட்டீஸ் காலம் 60, 90 நாள் என்று இருக்கிறது. ஆஃபர் வாங்கியவர் அந்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு ஆஃபர் வாங்கிக்கொண்டு வராமலே போய்விடுவது ஹெச்.ஆர். துறையின் நிரந்தரத் தலைவலி. உடனே சேரக்கூடியவருக்கு அதனாலேயே மதிப்பு. நௌக்ரியில் நோட்டீஸ் காலம் என்ற இடத்தில் 15 நாளுக்குள் என்று மாற்றுவதை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும். பலர் பழைய 90 நாளை அப்படியே விட்டுவிட்டு, அழைப்பே வரவில்லை என்று வருந்துகிறார்கள்.

பருவமும் உண்டு. நவம்பர் பிற்பகுதியும் டிசம்பரும் மந்தம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விடுமுறையில் இருப்பார்கள். ஜனவரியில் புது பட்ஜெட்டோடு வேகம் பிடிக்கும். ஊதிய உயர்வும் போனஸும் கைக்கு வந்ததும் ஆட்கள் வேலை மாறுவதால், ஏப்ரல் முதல் ஜூன் வரை காலியிடம் விழும். அக்டோபரில் வேலை இழந்தவர் இரண்டு மந்த மாதங்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கும் வரிசையும் முக்கியம். ஒரு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகவோ கன்சல்டன்சி வழியாகவோ உங்கள் ரெஸ்யூமே ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அடுத்த சில மாதங்களுக்கு ஊழியர் பரிந்துரையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதனால் அங்கே வேலை செய்யும் பழைய சகாக்களை முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நேரடியாக விண்ணப்பியுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பரிந்துரைக்கப்பட்டவர் சேர்ந்தால் பரிந்துரைத்த ஊழியருக்குப் பல நிறுவனங்கள் ஊக்கத்தொகை தருகின்றன.

"ஏன் வெளியே வந்தீர்கள்?"

இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதிலே நல்ல பதில். "வாடிக்கையாளர் புராஜெக்டை நிறுத்திவிட்டார். எங்கள் டீமில் பெரும்பாலானோர் வெளியே வந்தோம், நானும் ஒருவன். அந்த புராஜெக்டில் கடைசி இரண்டு வருடம் ஆட்டோமேஷன் பகுதியை நான்தான் பார்த்துக்கொண்டேன்." நடந்தது, அதன் அளவு, பிறகு உங்கள் வேலை என்று மூன்றாவது வாக்கியத்திலேயே பேச்சு தொழிலுக்குத் திரும்பிவிடுகிறது. பழைய மேனேஜரைத் திட்டுவதும், நீண்ட நியாயம் சொல்வதும் கேட்பவருக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ரிலீவிங் கடிதத்தில் 'ராஜினாமா' என்று இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: "ஆட்குறைப்பில் ராஜினாமா கேட்டார்கள், கொடுத்தேன்." பின்புலச் சரிபார்ப்பு நடத்துபவர்கள் பழைய ஹெச்.ஆரைக் கேட்கும்போது நீங்கள் சொன்னதும் அவர் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்ட, கடைசித் தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போடும் தந்திரம் வேண்டவே வேண்டாம். எந்த மாதம் வரை பி.எஃப். கட்டப்பட்டது என்பதை யு.ஏ.என். சேவை வரலாறு காட்டிக்கொடுத்துவிடும். கையில் வந்த ஆஃபர் அதனாலேயே ரத்தாகலாம். பழைய நிறுவனம் அங்கே உங்கள் விலகல் தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, உறுப்பினர் தளத்தில் Manage பகுதியில் உள்ள Mark Exit வழியாக நீங்களே பதியலாம்.

சோர்வு எங்கே தொடங்குகிறது

நிராகரிப்பை விட, எதனால் நிராகரித்தார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளை அதிகம் முடக்குகிறது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எங்கே, யார் வழியாக விண்ணப்பித்தீர்கள், எந்தக் கட்டத்தில் நின்றது என்று ஒவ்வொன்றையும் எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் ஒரு வடிவம் தெரியும். அழைப்பே வரவில்லை என்றால் கோளாறு ரெஸ்யூமேயிலோ, பதிந்து வைத்த சம்பள எதிர்பார்ப்பிலோ இருக்கிறது. அழைப்பு வந்து முதல் டெக்னிக்கல் ரவுண்டில் நின்றால் படிக்க வேண்டியது பாக்கி. கடைசி ஹெச்.ஆர். ரவுண்டு வரை போய் நின்றால் சம்பளப் பேச்சையோ, விலகல் விளக்கத்தையோ சரிசெய்ய வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்த்தால், "என்னை யாருக்கும் வேண்டாம்" என்ற எண்ணம் "இந்த ரவுண்டுக்குத் தயாராக வேண்டும்" என்ற வேலையாக மாறும்.

வீட்டில் சொல்லாமல் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். செலவுக் கணக்கு குடும்பம் முழுவதற்கும் உரியது. அவர்களுக்குத் தெரியாமல் 98,000 ஒருநாளும் 87,000 ஆகாது. மறைத்துவைத்த பதற்றத்தில் இருப்பவர்தான் மோசடிக்கும் எளிதில் சிக்குகிறார். பயிற்சிக்கென்றோ டெபாசிட் என்றோ பணம் கேட்பது, போலி அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சொல்வது இரண்டும் மோசடியின் அடையாளங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் இணையக் குற்றக் கும்பல்களிடம் இந்திய இளைஞர்களைச் சிக்கவைத்தது பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022-லேயே எச்சரித்திருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களுக்கு இன்று வேலை பத்திரமாக இருக்கலாம். அப்படியானால் ஒன்று செய்யுங்கள். போன மாதம் வெளியே போன பழைய சகாவுக்கு ஆறுதல் மெசேஜ் அனுப்புவதோடு நிற்காமல், உங்கள் நிறுவனத்தில் அவருக்குப் பொருத்தமான காலியிடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அவர் வேறு வழியில் விண்ணப்பிக்கும் முன் அவர் பெயரைப் பரிந்துரையுங்கள்.